திருப்பி அனுப்பக்கூடிய குலை: புலனத்தில் கல்யாணம் கேட்பது எப்படி?

கேள்வி: அண்ணே, வணக்கம். எனக்கு 29 வயசு, சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில குலை கிரேடிங் வேலை. அவங்களுக்கு 27, டவுன்ல கிளினிக்ல இருக்காங்க. மூணு வருசமா பழக்கம், ரெண்டு பேருக்கும் பிடிக்கும்னு தெரியும், ஆனா கல்யாணப் பேச்சு எடுத்ததில்ல. தினமும் காலையில என் காடியிலதான் வேலைக்குப் போவாங்க. புலனத்துல சிரிக்கிற மாதிரி கேக்கணும். வேண்டாம்னு சொல்றதா இருந்தா மாட்டிக்கிட்ட மாதிரி அவங்க நினைக்கக் கூடாது. நான் எழுதி வச்சது இது: "என்னைக் கட்டிக்கிறியா? ஆமான்னா ஒரு பூ அனுப்பு. இல்லன்னா செம்பனை மரத்து மேல ஏறி உட்கார்ந்துக்குவேன், பொம்பா வந்தாத்தான் இறங்குவேன்." சரியா இருக்கா?

பதில்:

தம்பி, பொம்பா வரும் இடத்தில் நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பை எந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். சம்மதிக்கும் பக்கத்தில் ஒரு பூ இருக்கிறது. மறுக்கும் பக்கத்தில் ஒரு மனிதர் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். இது வேடிக்கை என்பது அவருக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் உங்களைப் பிடித்திருந்தும் கல்யாணத்துக்கு மனம் ஒப்பாத ஒருவர், தம் மறுப்பைச் சொல்லும் வேலையோடு உங்களை மரத்திலிருந்து இறக்கும் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும். "இல்லை" என்று எழுதிய கையோடு "ஐயோ, ஏறிடாதே" என்றும் சிரிப்புப் பொம்மை போட்டு எழுத வேண்டும். சிரிக்க முடியாத நேரத்தில் ஒருவரைச் சிரிக்கச் சொல்வதும் மூலையில் தள்ளுவதுதான்.

ஆகவே நகைச்சுவை முழுவதும் கேட்பவரின் மேல், அதாவது உங்கள் மேல், இருக்க வேண்டும். மறுக்கும் பக்கத்தில் நகைச்சுவை வரலாம் என்றால், அது மறுப்பதைச் சாதாரணமான, தினமும் நடக்கிற காரியமாகக் காட்டும் வகையாக மட்டுமே இருக்க வேண்டும். உங்கள் தொழிலில் அதற்கு அருமையான வழி ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களில் சிலர், அதற்கு முந்திய கட்டத்துக் கடிதத்துக்கும் என்னிடமே வந்திருக்கிறார்கள். ஒருமுறை தோட்டத்துப் பையன் ஒருவன், தன் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் போட்டு, தேதியை மட்டும் காலியாக விட்டு, வேடிக்கையாக ஒரு பத்திரிகை அடித்துத் தரச் சொன்னான். எனக்கும் அது புத்திசாலித்தனமாகத் தோன்றியதால், மஞ்சள் தடவிய ஓரத்தோடு, பிள்ளையார் படத்தோடு ஒரே ஒரு பிரதி அடித்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் கடைக்கு வந்தாள். அட்டையை மேசை மேல் வைத்து, "அண்ணே, இதுல வேற எத்தனை அடிச்சீங்க?" என்று கேட்டாள். ஒன்றுதான் என்று நான் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அச்சடித்த பெயரைப் பார்த்ததும், ஊருக்கே விநியோகம் ஆகிவிட்டதோ, தன்னைத் தவிர எல்லோரும் முடிவெடுத்துவிட்டார்களோ என்று அவள் இரண்டு இரவு தூங்கவில்லையாம். முடிந்துபோன காரியம் போலத் தோற்றமளிக்கும் எந்தக் கேள்வியும் கேள்வி ஆகாது என்பதை நான் அன்றுதான் புரிந்துகொண்டேன். மோதிரத்தின் படம், இரண்டு பெயரையும் சேர்த்து எழுதிய அட்டை, "நம்ம பிள்ளைங்களுக்கு என்ன பேரு வைக்கலாம்" என்பது போன்ற வரி எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவையே.

மறுப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வனெஸ்ஸா போன்ஸ், லாரன் டிவின்சென்ட் என்னும் இருவர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். தம்முடன் படிக்கும் ஒருவரிடம் விருப்பத்தைச் சொன்னவர்களும், அப்படிச் சொல்லப்பட்டு மறுத்தவர்களும் தங்கள் அனுபவத்தை விவரித்தபோது, விருப்பத்தைச் சொன்னவர்கள் எதிராளிக்கு ஏற்பட்ட சங்கடத்தைக் குறைவாகவே கணித்திருந்தார்கள் என்று தெரிந்தது. "நான்தான் நல்லவிதமாகக் கேட்டேனே, பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிட்டுப் போகலாமே" என்று நமக்குத் தோன்றுவது இந்தக் கணக்குப் பிழையால்தான். அது பல்கலைக்கழகத்தில் நடந்தது. உங்கள் விஷயத்தில் ஒரே கோயில், ஒரே பசார் மாலாம், ஒரே காடி என்று எல்லாமே ஒரு மைலுக்குள் இருக்கிறது. அங்கே மறுத்தவர் அடுத்த வகுப்புக்குப் போய்விடலாம். இங்கே மறுத்தவர் மறுநாள் காலையில் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும்.

அந்தக் காடிதான் உங்கள் செய்தியில் மிகப் பெரிய நெருக்கடி. நீங்கள் அதைக் கேள்வியின் நடுவே போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவர் மறுத்தால் காலையில் எப்படி வேலைக்குப் போவது என்ற கேள்வி, மனத்தில் விருப்பமா இல்லையா என்ற கேள்வியோடு ஒட்டிக்கொள்ளும். பேருந்துக்குக் காத்திருக்க வேண்டுமா, அம்மாவிடம் காரணம் என்ன சொல்வது, தெரு முனையில் நிற்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா என்ன கேட்பார் என்று அவர் யோசிக்கத் தொடங்கினால், அவர் தரும் "ஆமாம்" முழு ஆமாம் ஆகாது. எனவே காடி தொடரும் என்பதையும், காடிக்குள் இந்தப் பேச்சு வராது என்பதையும் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும். கடன், சவாரி, அவர் தம்பிக்கு வாங்கிக் கொடுத்த வேலை என்று உங்களிடமிருந்து அவருக்குப் போகும் வேறு உதவி இருந்தாலும் இதே முறைதான். ஆனால் அவற்றைப் பட்டியல் போட்டு எழுதினால் அது உபகாரக் கணக்கு ஆகிவிடும். அன்றாடம் நேருக்கு நேர் வருவதை மட்டும் சொன்னால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. "முடிவு உன் விருப்பம், நீ தாராளமாக மறுக்கலாம்" என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். பிரான்சில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு ஆய்வில், பேருந்துக்குக் காசு கேட்கும்போது "கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்" என்ற வாக்கியத்தைச் சேர்த்தபோது கொடுத்தவர்களின் எண்ணிக்கை கூடியது. அதாவது அந்த வாக்கியம் விடுதலை தருவது போலத் தோன்றிக்கொண்டே சம்மதத்தை இழுத்து வரக்கூடியது. விற்பனையாளர்கள் அதைத் தந்திரமாகவே பயன்படுத்துவார்கள். நீங்கள் சொல்வது தந்திரம் அல்ல என்பதற்கு அடையாளம், மறுப்பதற்கான வேலையை நீங்களே குறைத்துக் கொடுத்திருப்பதுதான். அவர் என்ன எழுத வேண்டும், எவ்வளவு எழுத வேண்டும், பிறகு என்ன நடக்கும், யாருக்குத் தெரியும் என்ற நான்குக்கும் செய்தியில் விடை இருந்தால் அந்த வரி தேவையே இல்லை.

இனி செய்திக்கு வருவோம். பழுக்காத குலையை ஆலை திருப்பி அனுப்பலாம் என்பது உங்களுக்குத் தினசரி வேலை. லோரி வருகிறது, ராம்ப்பில் கொட்டுகிறார்கள், நீங்கள் பார்க்கிறீர்கள், காய் என்றால் ஒதுக்குகிறீர்கள். லோரிக்காரர் முணுமுணுப்பார், ஆனால் மரத்தில் ஏறமாட்டார், மறுநாளும் வருவார். திருப்பி அனுப்புவது யாருக்கும் அவமானம் ஆகாத ஓர் இடம் உங்கள் கையிலேயே இருக்கும்போது வேறு உவமை எதற்கு? அவரை கிரேடராக உட்கார வைத்து நீங்கள் குலையாக வந்து விழுந்தால், தீர்மானிக்கும் அதிகாரம் சிரிப்போடு சேர்ந்து அவரிடம் போய்விடும்.

இதைத் தலைகீழாக மட்டும் எழுதிவிடாதீர்கள். குறைந்தது பத்து பழம் உதிர்ந்த தடம் இருந்தால்தான் குலை பழுத்தது என்று செம்பனை வாரியத்தின் தர விதி சொல்கிறது அல்லவா? அதை வைத்து அவரைப் பற்றி ஏதாவது எழுத உங்கள் கை துறுதுறுக்கும். வேண்டாம். 27 வயதுப் பெண்ணிடம் பழுத்தது, காய்த்தது என்ற பேச்சு எப்படி எழுதினாலும் வயதில் போய்த்தான் முடியும். அந்த வேலையைச் செய்ய நம் ஊரில் அத்தைமார்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

உங்களைப் பற்றிய கேலிக்கும் ஓர் அளவு உண்டு. "எனக்குச் சம்பளம் குறைவு, தொப்பை பெரிது, தலையில் முடி இல்லை" என்று அடுக்கினால், அவர் "அப்படி எல்லாம் இல்லை" என்று ஆறுதல் சொல்லக் கடமைப்படுவார். ஆறுதல் சொன்ன வாயால் மறுப்பது இன்னும் கடினம். உங்கள் தகுதியைக் கேலி செய்யாமல் உங்கள் தாமதத்தைக் கேலி செய்யுங்கள். தாமதத்துக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை. குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுவராவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பது அவருக்கும் மூன்று வருடக் காடிப் பயணத்தில் மனப்பாடம் ஆகியிருக்கும். அதுவே போதும்.

முதலில் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"குலையை வெட்டினா 24 மணி நேரத்துல ஆலைக்கு வரணும். என் கேள்வி பதினாலு மாசமா ராம்ப்பில கிடக்கு. கிரேடர் மேடம், ஏத்துக்கிறீங்களா, திருப்பி அனுப்புறீங்களா? ஹா ஹா."

படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் கேள்வியே இல்லை. என்ன கேட்கப்படுகிறது என்று அவருக்குப் புரியும், ஆனால் அது கேட்கப்பட்டதாக அவரால் நிரூபிக்க முடியாது. இவர் விளையாடுகிறாரா, நிஜமாகக் கேட்கிறாரா, நான் நிஜமாக மறுத்தால் "சும்மா சொன்னேன்" என்பாரா என்று தவிக்க வேண்டியிருக்கும். கேட்காத கேள்வியை யாராலும் மறுக்க முடியாது. கடைசியில் உள்ள "ஹா ஹா" உங்களுக்கு ஒரு தப்பிக்கும் வழி, அவருக்கு அது வழி அல்ல. எனவே நடுவில் ஒரே ஒரு வரியாவது சிரிப்பில்லாமல், கல்யாணம் என்ற சொல்லோடு, நேராக இருக்க வேண்டும்.

அடுத்து "தே தாரிக் என்றால் ஆமாம், தே ஓ என்றால் இல்லை" என்று சேர்த்துப் பார்த்தேன். பிறகு முதல் பாதியை அடித்துவிட்டேன். சம்மதிப்பவருக்குச் சொல் பஞ்சம் கிடையாது, ஆகவே குறுக்கு வழி மறுப்பவருக்கு மட்டும் இருந்தால் போதும். இரண்டையும் விளையாட்டுச் சொல்லாக வைத்தால் சம்மதமும் விளையாட்டுப் போலவே வந்து சேரும்.

இவற்றை எல்லாம் சரிசெய்த பிறகு என் கையில் நின்றது இது, மாதக் கணக்கையும் காடி நேரத்தையும் மட்டும் உங்கள் உண்மைக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவரிடம் நீங்கள் வழக்கமாக எழுதும் பேச்சு நடையிலேயே விட்டிருக்கிறேன், ஏனென்றால் திடீரென்று செந்தமிழ் வந்தால் யாரோ எழுதிக் கொடுத்தது என்று தெரிந்துவிடும்.

"உனக்கே தெரியும், குலை வெட்டினா 24 மணி நேரத்துல ஆலைக்கு வரணும், இல்லன்னா ஆசிட் ஏறிடும். நான் ஒரு கேள்விய வெட்டி வச்சு பதினாலு மாசம் ஆச்சு.

கேள்வி: என்னைக் கல்யாணம் பண்ணிக்க உனக்கு விருப்பமா? நிஜமாத்தான் கேக்குறேன்.

இந்தத் தடவ கிரேடர் நீ. எடுத்துக்கலாம், திருப்பியும் அனுப்பலாம். நான் திருப்பி அனுப்புற லோடுக்குச் சீட்டுல காரணம் எழுதணும், நீ எழுத வேண்டியதில்ல. 'தே ஓ'ன்னு போட்டாலே புரிஞ்சுக்குவேன். அவசரமும் இல்ல, 24 மணி நேரம் எனக்குத்தான், உனக்கு இல்ல.

என்ன சொன்னாலும் நீ ஊர்லேருந்து வந்ததும் ஆறே காலுக்குக் காடி வழக்கம் போல நிக்கும், அதுக்குள்ள இதப் பத்திப் பேச மாட்டேன். வீட்டுல, கூட்டாளிங்ககிட்ட யார்கிட்டயும் சொல்லல."

கடைசி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். உங்கள் அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தால் அந்த வரியை எடுத்துவிட்டு, அம்மாவுக்குத் தெரியும் என்பதையே எழுதுங்கள். பிறகு தெரியவந்தால் மற்ற வாக்குறுதிகளும் பொய்யாகிப் போகும்.

"இன்னும் காய், பழுக்கட்டும்" என்ற மூன்றாவது வழியை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அதை எழுதிக் கொடுத்தால், மனம் நோகாமல் மறுக்க நினைப்பவர் அதையே எடுப்பார். நீங்கள் அதை நம்பி ஒரு வருடம் காத்திருப்பீர்கள். உண்மையாகவே அவகாசம் வேண்டும் என்றால் அதை அவரே தம் சொந்தச் சொல்லில் கேட்பார்.

அனுப்பும் முறையிலும் சில நுட்பங்கள் இருக்கின்றன. பூட்டிய கைப்பேசித் திரையில் செய்தியின் தொடக்கம் தெரியும் என்பதால் முதல் வரி குலையைப் பற்றியதாக இருக்கிறது. அவர் கைப்பேசி கிளினிக் மேசையில் கிடந்தாலும், அக்காவின் கையில் இருந்தாலும், பார்ப்பவருக்கு அது ஆலைக் கதையாகவே தோன்றும். "தனியா இருக்கும்போது படி" என்று தொடங்கினால் யாரோ இறந்துவிட்டதாக நினைத்துப் பதறிவிடுவார். முழுவதும் ஒரே செய்தியாகப் போக வேண்டும். நான்கு துண்டாக அனுப்பினால் கேள்வி முதலில் போய்ச் சேர்ந்து, மறுக்கும் வழி அரை நிமிடம் கழித்து வரும், அந்த அரை நிமிடத்தில் அவர் பதிலைத் தட்டச்சு செய்யத் தொடங்கியிருப்பார். செய்தி நீண்டாலும் ஆபத்து உண்டு: புலனம் நீளமான செய்தியை மடித்துவிட்டு, மீதியைத் தட்டித்தான் படிக்க வேண்டும் என்று வைத்துவிடும். மடிப்புக்கு அடியில் போவது கடைசிப் பத்தி, அதாவது காடியும் ரகசியமும். ஆகவே முதலில் உங்கள் எண்ணுக்கே அனுப்பி, முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நகைச்சுவையைக் குறையுங்கள், வழியைக் குறைக்காதீர்கள்.

குரல் பதிவு வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த அறை. காதொலி மாட்டிக்கொண்டு கேட்டாலும் முகம் காட்டிக் கொடுக்கும். மேலும் படித்ததைத் தெரிவிக்கும் நீல நிறக் குறியை அவர் தம் கைப்பேசியில் அடைத்து வைத்திருந்தாலும், குரல் பதிவைக் கேட்டது மட்டும் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். அந்த நீலக் குறியை அனுப்புவதற்கு முன் உங்கள் பக்கத்தில் நீங்களும் அடைத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் அவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. "படிச்சிட்டாங்க, மூணு மணி நேரம் ஆச்சு, பதில் இல்ல" என்ற புழுக்கம் உங்களுக்கு வராது, அந்தப் புழுக்கத்தில் நீங்கள் அனுப்பக்கூடிய கேள்விக்குறி அவருக்கும் போகாது. அனுப்பிய பின் எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஆனால் திருத்தப்பட்டது என்ற குறி விழும். பயந்துபோய் அழித்தாலோ, அழித்த தடம் அங்கேயே நிற்கும், அது எழுதியதைவிட அதிகமாகத் திகிலூட்டும்.

நாளைப் பொறுத்தவரை, அவர் சில நாட்கள் உங்கள் காடியில் வராத நேரமாகப் பாருங்கள். அக்கா வீட்டுக்கோ வேறு ஊருக்கோ போகும் நீண்ட விடுமுறை பொருத்தமானது. அவர் கிளம்பிப்போன மறுநாள் மாலை அனுப்பினால், திரும்பி வந்து உங்களைப் பார்ப்பதற்கு முன் அவருக்குச் சில இரவுகள் கிடைக்கும். தீபாவளியைத் தவிருங்கள். உறவினர் கூட்டம் முழுவதும் "எப்ப கல்யாணம்" என்று கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் உங்கள் செய்தியும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிடும். இருவரும் சேர்ந்து வேலை செய்யும் கோயில் திருவிழாவுக்கு முந்திய வாரமும் கூடாது.

பதிலைப் படிப்பதுதான் பலர் தடுக்கி விழும் இடம். மறுப்பவர்கள் பெரும்பாலும் "இல்லை" என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. தயக்கம், பாராட்டு, காரணம் என்று சுற்றித்தான் மறுப்பார்கள், கேட்பவர்களுக்கும் அது புரியும் என்று சிலியா கிட்ஸிங்கர், ஹன்னா ஃப்ரித் என்னும் ஆய்வாளர்கள் 1999இல் எழுதினார்கள். நமக்கு அது புதிதல்ல. "பார்க்கலாம்", "இப்ப என்ன அவசரம்", "நீங்க நல்லவங்க, ஆனா...", "வீட்டுல என்ன சொல்வாங்களோ" என்பவை எல்லாம் தமிழில் மறுப்பின் பழைய உடைகள். இவற்றில் குழப்பம் தருவது "வீட்டில் கேட்டுச் சொல்றேன்" மட்டும்தான், ஏனென்றால் தோட்டத்துக் குடும்பங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். நான் பார்த்த வரையில் அடையாளம் இதுதான்: நிஜமாகக் கேட்கப் போகிறவர் ஏதாவது ஒன்றைக் கூடவே கேட்பார். உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா, எப்போது செய்யலாம் என்று நினைக்கிறீர்கள், வேலையை விடச் சொல்வீர்களா என்று ஏதாவது ஒரு கேள்வி திரும்பி வரும். கேள்வி எதுவும் வராமல், இரண்டு வாரத்தில் அவரும் அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்தால், அது மறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிலே வராமலும் போகலாம். நினைவூட்ட வேண்டாம். ஆனால் மூன்று வருடப் பழக்கத்தில் ஒரு கேள்வி அந்தரத்தில் தொங்கிக்கொண்டே இருந்தால் அதுவும் இருவருக்கும் பாரம் என்பதால், சுமார் ஒரு மாதம் கழித்து நீங்களே அதை இறக்கி வைக்கலாம். "ராம்ப்பில கிடந்த லோட நானே எடுத்துட்டுப் போயிட்டேன், நீ கவலப்படாத" என்று ஒரு வரி போதும். இதற்குப் பதில் எதிர்பார்க்காதீர்கள்.

சம்மதம் வந்தால், காடியை விட்டு இறங்கி நேரில் ஒருமுறை, இந்த முறை குலையும் ராம்ப்பும் இல்லாமல், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சட்டப்படி 21 வயதைத் தாண்டிய உங்கள் இருவருக்கும் பெற்றோரின் சம்மதக் கையொப்பம் தேவையில்லை என்றாலும், பெரியவர்களிடம் யார், எப்போது சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

"தே ஓ" வந்தால் என்ன எழுதுவது என்பதை இன்றே, மனம் அமைதியாக இருக்கும்போதே, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கை நடுங்கும், நடுங்கும் கை "ஏன்" என்று எழுதும். நான் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்: "சீட்டு கிடைச்சுது. மறைக்காம சொன்னதுக்கு நன்றி. வழக்கம் போல ஆறே கால்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், அழுகிற பொம்மையும் வேண்டாம், அன்று இரவு சோகப் பாட்டு வைத்த நிலைத்தகவலும் வேண்டாம். நிலைத்தகவல் எல்லோருக்கும் போவது போலத் தோன்றினாலும், ஒருவருக்கு மட்டும் எழுதிய கடிதம் அது என்பது அவருக்குத் தெரியும்.

காலையில் ஆறே காலுக்கு அவர் வீட்டு முன் நில்லுங்கள். வழக்கமாக வானொலி போடுவீர்கள் என்றால் போடுங்கள், போடாதவர் என்றால் அன்று புதிதாகப் போடாதீர்கள். ஒருவேளை நாலு நாளில் அவரே, "நாளையிலிருந்து நான் வேற ஆளோட போய்க்கிறேன்" என்று சொன்னால், "சரி" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் அம்மா வாசலில் நின்று ஏன் என்று கேட்பார், உங்கள் அம்மாவும் கேட்பார். ஆலையில் உங்களுக்கு ஷிப்டு மாறிவிட்டது என்று இரண்டு வீட்டிலும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.